பத்தடி தூரத்துச் சாட்சி

டைப் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பதிவு அலுவலகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய கடை வரிசையில் மூன்றாவது கடை அவருடையது. ஒரு கணினி, ஒரு நகல் இயந்திரம், வருகிறவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் நடைபாதையில் நிற்க வேண்டிய இடம். இருபத்தாறு வருடங்களாக அங்கே உட்கார்ந்து விற்பனைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், உயில் என்று ஊரார் சொத்தையெல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உயில் எழுத வருகிறவர்களை அக்கா பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். அவர்கள் வாசலில் நின்று முதலில் ஏதாவது ஒரு நகல் எடுப்பார்கள். சில்லறையை வாங்கிக்கொண்டும் போகமாட்டார்கள். "அந்த விஷயம் ஒண்ணு இருக்கு" என்று இழுப்பார்கள். 'நான் செத்தால்' என்று யாரும் சொன்னதில்லை. 'எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா' என்பார்கள், ஏதோ ஆகாமலும் போகலாம் என்பது போல. அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொள்வார்.

உயிலின் கடைசிப் பத்தி அவருக்கு மனப்பாடம். எழுதியவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார், நாங்கள் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்திட்டோம் என்று வரும் பத்தி. விரல்கள் அதைத் தாமாகவே அடித்துவிடும். அந்த நேரத்தில் அக்கா பக்கத்துக் கடையில் புத்தகம் தைத்துக் கொடுக்கும் பைண்டரோடு பேசிக்கொண்டுகூட இருப்பார். சாட்சிக்கு ஆள் இல்லாமல் வருகிறவர்களுக்கு அக்காவும் பைண்டரும்தான் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டார்கள். இருவருக்கும் எந்தச் சொத்திலும் பங்கு கிடையாது, எப்போதும் அதே இடத்தில் கிடைப்பார்கள். சாட்சிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நகல் எதுவும் எடுக்கவில்லை. நேராக நாற்காலியில் உட்கார்ந்து, "ஆபீஸ் மூணாவது மாடியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"லிஃப்ட் நிக்குதே. எத்தனை நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசம்!" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "நான் வேலையில இருந்தப்போ நாலு மணி நேரம் நின்னா தலைய வாங்கிருவாங்க. எனக்கு முட்டி போச்சு, படியேற முடியாது. சரி, நீங்க அடிச்சுக் குடுங்க. லிஃப்ட்டு ஓடுற அன்னிக்கு வந்து பதிவு பண்ணிக்கிறேன்."

அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். வீடு அவர் பெயரில் இருந்தது. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு மகன்கள் தூரத்தில் இருந்தார்கள், ஒன்பது வருடமாக வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. கூட இருந்து பார்த்துக்கொண்டது அவருடைய அக்கா மகள். வீட்டிலேயே தையல் வேலை செய்துகொண்டு, மாமாவுக்குச் சமைத்துப் போட்டு, மருந்து கொடுத்து, கல்யாணம் என்ற பேச்சையே மறந்துபோனவள். வீடு அவளுக்கு என்றார் பெரியவர்.

"பசங்களுக்கு ஏன் குடுக்கலைன்னு ஒரு வரி எழுதிடலாங்க" என்றார் அக்கா. "இல்லாட்டி, மறந்துட்டார், யாரோ மனசைக் கலைச்சுட்டாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும்."

பெரியவர் நகல் இயந்திரத்தைப் பார்த்தபடியே பேசினார். "படிக்க வெச்சேன். ஆளுக்கொரு வீடு வாங்க உதவி பண்ணேன். அவங்க பங்கை உயிரோட இருக்கும்போதே குடுத்துட்டேன். அப்படி எழுதுங்க. திட்டி எழுத வேணாம்."

"பேங்க்ல ஏதாவது?"

"டெபாசிட் ஒண்ணு இருக்கு. அதுக்கு அவ பேரைத்தான் நாமினியா போட்டிருக்கேன். அது முடிஞ்ச கதை."

"முடியல" என்றார் அக்கா. இதை அவர் வாரத்துக்கு இரண்டு பேருக்காவது சொல்வார். "நாமினின்னா, உங்களுக்கு அப்புறம் பேங்க்ல போய்ப் பணத்தை வாங்கிக்கிற ஆள். வாங்கின பணம் யாருக்குச் சொந்தம்கிறதை உயில்தான் சொல்லும். உயில் இல்லாட்டி வாரிசுங்க கேக்கலாம். ரெண்டுலயும் ஒரே பேர் இருக்கட்டும்."

"அப்படியா?" பெரியவருக்கு ஆச்சரியம். "பேங்க்ல ஒருத்தனும் சொல்லலையே. அதையும் சேருங்க."

உயிலில் சொன்னபடி எல்லாம் நடக்கிறதா என்று பார்த்து முடித்துவைக்க ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றதும், தன்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் பெயரைச் சொன்னார். சொல்லாமல் விட்டுப்போன சாமான் ஏதாவது இருந்தால் அதுவும் அந்தத் தையல்காரிக்கே என்று ஒரு வரியையும் அக்கா சேர்த்தார். இரண்டு பக்கங்களில் முடிந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"இப்பவே கையெழுத்துப் போட்டுருங்க. பதிவு பண்ணாட்டியும் உயில் செல்லும். நானும் பைண்டரும் சாட்சி போட்டுடுறோம்."

"அரைகுறையா எதையும் விட்டுப் பழக்கமில்லம்மா. லிஃப்ட்டு ஓடட்டும், மேல போய் முறையா முடிச்சிருவோம்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அக்கா அவரை வற்புறுத்தவில்லை. வாசலில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஏழு வாரம் கழித்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், கடைக்கு எதிரே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. முன் கதவைத் திறந்து, தலையில் பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி ஒரு பெண் ஓடி வந்தாள். தையல்காரி. அக்கா அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"மாமாவுக்குப் பக்கவாதம் வந்திருச்சு அக்கா. பேச்சு போயிருச்சு, வலது பக்கம் வரல. ஆஸ்பத்திரிலேர்ந்து நேத்துத்தான் வீட்டுக்கு வந்தோம். இன்னிக்குக் காலைல இந்தக் காகிதத்தை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டுனாரு. இடது கையால கையெழுத்துப் போட்டாரு. சாட்சி நீங்கதான் போடுவீங்கன்னு அவர் முன்னாடியே சொல்லியிருந்தாரு."

அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் அடித்த அதே இரண்டு பக்கங்கள்தான், மடிப்புகளில் அழுக்கேறியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோணலாக, குழந்தை வரைந்த மரக்கிளை மாதிரி ஒரு கையெழுத்து.

"அவர் எங்க?"

"கார்ல இருக்காரு. இறக்க முடியல."

பைண்டர் அப்போது அக்கா கடையில்தான் மழைக்கு ஒதுங்கியிருந்தார். காகிதத்தை எட்டிப் பார்த்தவர், "நம்ம லிஃப்ட்காரர்தானே" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்து அக்கா.

அக்கா பேனாவோடு வெளியே பார்த்தார். கார் பத்தடி தூரத்தில் நின்றது. பின் கண்ணாடி முழுவதும் உள்ளே ஆவி படிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு உருவம் சாய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு உள்ளங்கை வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஐந்து விரல்களும் விரிந்து, வெளுத்து, அழுந்தியபடி. முகம் தெரியவில்லை.

பத்தடி. குடைகூட இருந்தது, நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா போகவில்லை. கையைக் காட்டுகிறார், சரிதான் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் முன்னிலையில் என்று தானே அடித்திருந்த வரிக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

தையல்காரி காகிதத்தைப் பையில் சுற்றிக்கொண்டு ஓடினாள். கார் நகர்ந்தது. கை அப்போதும் கண்ணாடியிலேயே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பெரியவர் இறந்துபோனார்.

தையல்காரி இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க வந்தபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. நாமினி என்ற முறையில், சான்றிதழையும் அடையாள அட்டையையும் காட்டி அவள் பேங்கில் டெபாசிட்டை வாங்கிவிட்டாள். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. சிக்கல் வீட்டில் வந்தது. துக்கத்துக்கு வந்த மகன்கள் இருவரும் உயிலைப் பார்த்தார்கள். ஒன்பது வருடத்தில் அப்பாவின் கையெழுத்தே இப்படி மாறிப்போகுமா என்று கேட்டார்கள். வாய் பேசாத, கை வராத மனுஷனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இவளே ஏதோ செய்திருக்கிறாள் என்றார்கள். வீட்டுக்கும் டெபாசிட்டுக்கும் சேர்த்து வழக்குப் போட்டார்கள்.

வழக்கு மெல்ல நகர்ந்தது. அதற்குள் பைண்டர் மாரடைப்பில் போய்விட்டார். பொறுப்பாளராகப் பெயர் எழுதப்பட்ட நண்பர் வயதைக் காட்டி ஒதுங்கிக்கொண்டார். மூன்றாம் வருடம் அக்காவின் கடைக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. உயிரோடு இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

உண்மையில் அந்தக் கை அதற்கு வெகு முன்பே அக்காவின் கண்முன் வரத் தொடங்கியிருந்தது. முதல் தடவை பஸ்ஸில் வந்தது. மழைநாள் காலையில் ஜன்னல் கண்ணாடியில் யாரோ முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கை வைத்த தடம் ஆவியில் வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். அப்புறம் நகல் இயந்திரத்தில். ஒரு தடவை காகிதம் வைக்கும்போது மூடியை இறக்குவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். அவருடைய சொந்தக் கையே கறுப்புப் பின்னணியில் வெளுப்பாக, விரல்கள் விரிய, தட்டில் வந்து விழுந்தது. வாசலில் நின்ற வாடிக்கையாளர் சிரித்தார். அக்கா அந்தத் தாளை நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், கிழித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அவரோடு இருந்தது தங்கை மட்டும்தான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். தங்கை ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"என்னக்கா, குளிச்சிட்டு வர்றப்பல்லாம் கண்ணாடியத் தொடைச்சிக்கிட்டே நிக்கிற? பத்து நிமிஷமா தொடைக்கிற."

"ஆவி போகமாட்டேங்குது."

"எப்பவோ போயிருச்சே."

அவர் எதற்காகக் கையை வைத்தார் என்பதுதான் அக்காவை விடவில்லை. சம்மதம் என்று காட்டினாரா? நில்லுங்கள் என்றாரா? இது என் கையெழுத்தே இல்லை என்றாரா? இல்லை, மூச்சு முட்டி, கண்ணாடியை இறக்கச் சொல்லித் தள்ளினாரா? பேச முடியாத ஒரு மனுஷனிடம் பத்தடி நடந்து, குனிந்து, "ஐயா, இது நீங்க போட்டதுதானா?" என்று கேட்டிருந்தால் போதும். அவர் தலையை அசைத்திருப்பார். எந்தப் பக்கமாவது அசைத்திருப்பார்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பு தையல்காரியின் வக்கீல் அக்காவைத் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். வயதில் சின்னவர், அவசரப்படாதவர். மேசை முழுக்கக் கட்டுக்கட்டாகக் கோப்புகள்.

"நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்கம்மா."

அக்கா சொன்னார். வக்கீல் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடி வைத்தார்.

"சாட்சி, உயில் எழுதினவர் கையெழுத்துப் போடுறதைக் கண்ணால பாத்திருக்கணும். இல்லாட்டி, இது என் கையெழுத்துதான்னு அவரே சாட்சிகிட்ட தெரிவிச்சிருக்கணும். வாயால சொல்ல முடியாட்டி சைகை போதும். ஆனா அது அதுக்கான சைகைதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்புறம் நீங்க அவர் முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கணும்." அவர் பெருமூச்சு விட்டார். "பதிவு அலுவலகத்துல எழுதிக் கேட்டிருந்தா, நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பதிவு பண்ணுவாங்க. டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தாலும் பெரிய துணையா இருந்திருக்கும்."

"நான் என்ன சொல்லணும்?"

"அதை நான் சொல்லித் தரக்கூடாதும்மா."

படியிறங்கும்போது தையல்காரி காத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. அவரு போட்டது நிஜம். என் கண்ணு முன்னாடி சமையலறை மேசைல போட்டாரு. பேனா மூணு தடவ கீழ விழுந்துச்சு. எடுத்து எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான், அவர் கையக்கூடத் தொடல. நான் வாங்கிக்கிறவ, நான் சொன்னா எடுபடாதாம். நீங்க சொன்னா எடுபடும். ஒரு வார்த்தைதானே?"

"அவர் அன்னிக்குக் கார்ல கண்ணாடில ஏன் கை வெச்சாரு?" என்றார் அக்கா. கேட்டுவிடக்கூடாது என்று நினைத்திருந்த கேள்வி, தானாக வந்துவிட்டது.

தையல்காரி அவரையே பார்த்தாள். "கை வெச்சாரா? நான் உங்க மேசைகிட்டல்ல நின்னேன். நான் பாக்கல."

அக்காவுக்கு அந்த நிமிடம் ஒன்று உறைத்தது. உலகத்தில் அந்தக் கையைப் பார்த்தது தான் ஒருத்திதான். பைண்டர்கூடப் பார்க்கவில்லை, அவர் அப்போது பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நீதிமன்ற அறை சின்னது. மின்விசிறி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா கூண்டில் ஏறி உறுதிமொழி சொன்னார். தையல்காரியின் வக்கீல் உயில் அடித்த நாளிலிருந்து தொடங்கினார். பெரியவர் தானே வந்து, தானே சொல்லி, தானே படித்துப் பார்த்ததை அக்கா தெளிவாகச் சொன்னார். மகன்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதை, திட்டி எழுத வேண்டாம் என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த இளைய மகன் தலை குனிந்துகொண்டார்.

பிறகு மகன்களின் வக்கீல் எழுந்தார்.

"உங்க கையெழுத்துதானா இது?"

"ஆமா."

"அதுக்கு மேல இருக்கிற வரியப் படிங்க."

அக்கா படித்தார். எத்தனையோ நூறு தடவை அடித்த வரி. வாய்விட்டுப் படிப்பது அதுதான் முதல் தடவை.

"அவர் கையெழுத்துப் போட்டதைப் பாத்தீங்களா?"

அறைக்குள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தையல்காரி மட்டும் தரையைப் பார்த்தாள். பார்த்தேன் என்ற வார்த்தை அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் உயில் நின்றிருக்கும். ஆனால் அந்தக் கை என்ன சொன்னது என்று தெரியாமல் அதன் சார்பில் பேசுவது, பெரியவர் வாயை இன்னொரு தடவை பொத்துவது போல அக்காவுக்குத் தோன்றியது.

"பாக்கல."

"அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? சைகை காட்டினாரா?"

"கார் கண்ணாடில கைய வெச்சாரு."

"எதுக்கு?"

"தெரியாது."

"நீங்க கையெழுத்துப் போட்டதை அவர் பாத்தாரா?"

"கண்ணாடி ஆவியா இருந்துச்சு. தெரியாது."

"எவ்வளவு தூரம்?"

"பத்தடி" என்றார் அக்கா. "நான் போயிருக்கலாம். போகல."

உயில் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. பெரியவர் எண்ணம் என்ன என்பதில் நீதிபதி சந்தேகம் எதுவும் சொல்லவில்லை. எண்ணம் இருந்தால் போதாது, சட்டம் சொன்ன முறையில் சாட்சி இருக்க வேண்டும் என்றார். உயில் எழுதாமல் இறந்தவர் சொத்து எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. வீடு மகன்கள் இருவருக்கும் சமமாக. டெபாசிட்டும் அப்படித்தான் போக வேண்டும். தையல்காரி நாமினி என்பதால் பேங்க் அதை அவளிடம் கொடுத்தது, சொந்தமாவதற்கு அது போதாது.

அன்று வராந்தாவில் இளைய மகன் அக்காவிடம் வந்தார். ஐம்பது வயதுக்காரர். சட்டை கசங்கியிருந்தது. வெற்றி பெற்றவர் மாதிரியே இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். எந்தக் கை? இடதா, வலதா?"

அக்கா யோசித்தார். கண்ணை மூடிப் பார்த்தார். கட்டைவிரல் எந்தப் பக்கம் இருந்தது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. "இடது."

"சின்ன வயசுல நான் ஸ்கூல் பஸ்ஸுல ஏறினதும், அப்பா வெளில நின்னு கண்ணாடில இப்படிக் கை வைப்பாரு. நான் உள்ளேர்ந்து அதே இடத்துல வைக்கணும்." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அதுவா இருக்குமோ?"

"எனக்குத் தெரியலைங்க" என்றார் அக்கா.

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் அக்கா கடைக்கு வந்தார். டெபாசிட் பணத்தில் தனக்கு வர வேண்டிய பாதியைத் தையல்காரிக்கே விட்டுவிடுவதாக ஒரு சமரசப் பத்திரம் அடிக்க வேண்டும் என்றார். அண்ணனையும் சம்மதிக்க வைக்க முயன்றிருக்கிறார். அண்ணன் மறுத்துவிட்டாராம். "என் கைல இருக்கிறது என் பங்கு மட்டும்தான். அதைப் பண்ணிடுறேன்." வீட்டை விற்பதென்று அண்ணன் எடுத்த முடிவில் அவர் தலையிடவில்லை. அக்கா அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. கையெழுத்துப் போடும்போது கணினித் திரையை அணைத்துவிட்டு, எழுந்து நின்று, அவர் விரல் காகிதத்தில் ஓடுவதைக் கடைசி எழுத்துவரை பார்த்தார்.

தையல்காரி வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவர்களின் மாமாக்களையும் அப்பாக்களையும் தூக்கி உட்கார வைக்கும் வேலை.

அக்காவின் கடை மாறிப்போனது. படியேற முடியாதவர் வண்டியில் இருக்கிறார் என்றால், வாசலில் எத்தனை பேர் நின்றாலும் அவர் எழுந்து போனார். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே உட்கார்ந்துகொள்வார். வாங்கிக்கொள்ளப் போகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வார். முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டி, "இது நீங்க சொன்னதுதானா?" என்று கேட்பார். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருந்தால்தான் பேனா. சிலர் எரிச்சலானார்கள். "பைத்தியம் பிடிச்ச பொம்பள" என்று ஒருவர் காரில் ஏறும்போதே சொன்னார். அக்காவின் காதில் விழுந்தது. அடுத்த வண்டிக்கும் எழுந்து போனார்.

ஆனாலும் கை போகவில்லை. வண்டிகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் தங்கைதான் கேட்டாள். "ஊருக்கெல்லாம் அடிக்கிறியே, உன்னோடது எங்க?"

இல்லை என்று சொல்ல அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. குடியிருந்த வீடு அவர் பெயரில்தான் இருந்தது. அவர் போய்விட்டால், இதுவரை எட்டிப் பார்க்காத அண்ணனும் தங்கையும் சரிபாதி. பேங்கில் போய் விசாரித்தால் இன்னும் வெட்கம். நாமினி இடத்தில் அம்மாவின் பெயர். அம்மா இறந்து பதினொரு வருடங்கள்.

"நாமினி உயிரோட இல்லாட்டி, வாரிசுச் சான்று அது இதுன்னு உங்க தங்கை மாசக்கணக்கா அலையணும் மேடம்" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். வாரத்துக்கு இரண்டு பேருக்குத் தான் சொல்கிற பாடத்தை அக்கா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். அங்கேயே படிவம் வாங்கித் தங்கை பெயரை எழுதி, ஒப்புகைச் சீட்டும் வாங்கினார். அடுத்த வாரம் உயில். சாட்சிக்கு எதிர்வீட்டு ஆசிரியையும் மருந்துக்கடைக்காரரும். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அக்கா படியேறித்தான் மூன்றாவது மாடிக்குப் போனார்.

கடைசியாக அக்கா அந்த வழக்கைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்தது ஒரு முற்பகல். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரி வாசலில் வந்து நின்றாள். தலையில் நரை. ஒரு காகிதத்தை நகல் எடுத்தாள். சில்லறையை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"உக்காரு" என்றார் அக்கா.

"அந்தப் பணம் அப்படியே இருக்குக்கா. இல்லத்துல சம்பளம் வருது, எனக்குச் செலவு இல்ல. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." அவள் நிறுத்தினாள். "நான் செத்தா அது யாருக்குப் போகும்?"

முப்பது வருடத்துக்கும் மேலான அனுபவத்தில் அந்த வார்த்தையை அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"உனக்கு நெருங்கின சொந்தம்னு யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. தேடிப் போனா மாமா பசங்கதான் வருவாங்க."

"அப்ப நீயே ஒரு பேரு சொல்லிட்டுப் போ."

தையல்காரி யோசித்தாள். இல்லத்தில் கூட வேலை பார்க்கிற ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் இல்லை, நல்ல மாதிரி என்றாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, "உங்க பேரைப் போடட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

அக்காவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. அவளிடமிருந்து எதை எதிர்பார்த்திருந்தாலும் இதை எதிர்பார்க்கவில்லை.

"என் பேரைப் போட்டா, நான் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது" என்றார் கடைசியில். "வாங்கிக்கிறவங்க சாட்சியா இருக்கக்கூடாது."

தையல்காரி தெருவைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப வேணாம்" என்றாள். "அவ பேரையே போடுங்க. நீங்க சாட்சியா இருங்க."

அக்கா பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு சாட்சியைக் கூப்பிட்டு வந்தார். கதவை ஒருக்களித்துவிட்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.